மூன்று போர்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும்

"மதுரையில் தனியாக வீட்டு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். மூட் போர்டு போட்டு மூன்று ஆப்ஷன் காட்டினால், ஒன்றில் சோபா, இன்னொன்றில் சீலிங், மூன்றாவதில் கலர் என்று கலந்து கேட்கிறார்கள். இல்லையென்றால் 'இன்னும் ரெண்டு காட்டுங்க' என்கிறார்கள். எத்தனை ஆப்ஷன் காட்டுவது, எப்படிக் காட்டுவது?"

அவர்கள் கலந்து கேட்பதற்கு உங்கள் போர்டுகளே இடம் கொடுக்கின்றன. ஒவ்வொரு போர்டிலும் சோபா, சீலிங், சுவர் நிறம், தரை, டிவி சுவர், திரைச்சீலை என்று ஆறு விஷயங்கள் இருந்து, மூன்று போர்டிலும் ஆறுமே வேறு வேறாக இருந்தால், நீங்கள் காட்டியது மூன்று ஆப்ஷன் இல்லை. அந்த ஆறையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 729 விதமாக வரும். வாடிக்கையாளர் அதில் ஒரு விதத்தைக் கேட்கிறார், அவ்வளவுதான். ஆகவே எத்தனை காட்டுவது என்பதற்கு முன்னால், இந்த ஆப்ஷன்கள் எந்த ஒரு விஷயத்தை முடிவு செய்வதற்காக வருகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அது உங்கள் மனதில் ஒரே வரியில் நிற்கவில்லை என்றால், போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் கூட்டம் குழப்பத்தில்தான் முடியும்.

ஒரு வீட்டை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். அய்யர் பங்களா பக்கம் ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹால் 13 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி, மேற்குப் பக்கம் 6 அடி அகல ஜன்னல். தரையில் தந்த நிற விட்ரிஃபைடு டைல்ஸ் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். மகன் குடும்பம் பெங்களூருவிலிருந்து விடுமுறைக்கு வந்து போகும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பூர்வீக வீட்டிலிருந்து ஒரு தேக்கு ஊஞ்சல் வருகிறது, அதைக் கட்டாயம் ஹாலில் தொங்கவிட வேண்டும். மகனுக்கோ வீடு பளிச்சென்று புதுசாக இருக்க வேண்டும்.

இதில் முதலில் முடிக்க வேண்டியது பிளான். ஊஞ்சல் எங்கே, அதன் கொக்கி கான்கிரீட் தளத்தில் எந்த இடத்தில், முன்னும் பின்னும் ஆட எவ்வளவு இடம், ஃபேன் எங்கே நகர்கிறது, சோபா எந்தச் சுவரை ஒட்டி, நடைபாதை 3 அடி கிடைக்கிறதா, பூஜை அலமாரி எந்தத் திசை பார்த்து. இவை எல்லாம் ஒரு தாளில் வரைந்து, வாஸ்து பார்க்கிறவர்களாக இருந்தால் அதையும் கேட்டு முடித்து, கையெழுத்து வாங்கிவிட்ட பிறகுதான் மூட் போர்டைத் தொட வேண்டும். பிளானும் மாறி, நிறமும் மாறுகிற மூன்று ஆப்ஷனைக் காட்டினால், அவர் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது எது பிடிக்கவில்லை என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிளானிலேயே இரண்டு வழி இருந்தால் அதற்குத் தனிக் கூட்டம் வையுங்கள். அங்கே நிறமே காட்டாதீர்கள், கறுப்புக் கோடு மட்டும் போதும்.

பிளான் முடிந்த பின் இந்த வீட்டில் மிச்சம் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பழைய தேக்கின் குணம் ஹால் முழுக்கப் பரவ வேண்டுமா, ஊஞ்சலோடு நின்றுகொள்ள வேண்டுமா? மூன்று போர்டும் இந்த ஒரு கேள்விக்கான மூன்று பதில்கள். முதல் போர்டில் மரம் முன்னால் நிற்கிறது. டிவி யூனிட்டும் அலமாரிக் கதவுகளும் தேக்கு வெனீரில், சுவர் சந்தன வெள்ளையில், ஃபால்ஸ் சீலிங் கிடையாது. இரண்டாவதில் வெளிச்சம் முன்னால் நிற்கிறது. எல்லாம் வெளிர் லேமினேட், ஓரம் முழுக்க ஒளி ஒளிந்து வரும் சீலிங், ஹாலில் அடர்ந்த நிறம் ஊஞ்சல் ஒன்றுக்குத்தான். மூன்றாவதில் நிறம் முன்னால் நிற்கிறது. ஊஞ்சலுக்குக் கீழே தரையில் ஆத்தங்குடிக் கல், ஒரு சுவர் செங்காவி, சுங்குடித் துணியில் மெத்தை உறைகள். ஊஞ்சல் இருக்கும் இடம், சோபாவின் அளவு, 180 சதுர அடி அலமாரி ஆகிய மூன்றும் மூன்று போர்டிலும் ஒன்றே. மாறாதவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதி முதலில் காட்டிவிடுங்கள். அந்த ஒரு தாள்தான் கலந்து கேட்பதில் பாதியை நிறுத்தும்.

இப்போது போர்டைப் பற்றி. ஹாலுக்கு ஒரு போர்டு, ஏ2 அளவு போதும், அதாவது 42 செ.மீ.க்கு 59.4 செ.மீ. அதில் இரண்டு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். இணையத்திலிருந்து எடுத்த முழு ஹால் படத்தை ஒட்டுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. நீங்கள் அந்த வெளிச்சத்துக்காக ஒட்டியிருப்பீர்கள். வாடிக்கையாளரின் கண் அதில் இருக்கும் சோபாவிலும் தொங்கும் விளக்கிலும் போய் நிற்கும். கடைசி நாளில் "படத்துல இருந்த விளக்கு எங்க தம்பி?" என்ற கேள்வி வரும். படத்தை வெட்டி ஒட்டுங்கள். மரத்தின் ரேகை தெரியும் ஒரு துண்டு, சுவரில் வெயில் விழும் ஒரு துண்டு, அவ்வளவுதான். அதோடு அவர்களுடைய ஹாலையே வாசலில் நின்று எடுத்த ஒரு படம், மூன்று போர்டிலும் அதே கோணத்தில் இருக்கட்டும். 3டி படம் போடுவதாக இருந்தாலும் அதே கோணம்தான். ஒரு போர்டில் மாலை விளக்கு, இன்னொன்றில் பகல் வெளிச்சம் என்று காட்டினால் அவர்கள் தேர்ந்தெடுப்பது வெளிச்சத்தைத்தான்.

மீதி இடம் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரித் துண்டுகளுக்கு. ஐந்திலிருந்து ஏழு போதும். ஹாலில் எது எவ்வளவு பரப்பைப் பிடிக்கிறதோ, அந்த விகிதத்தில் துண்டின் அளவும் இருக்க வேண்டும். சுவர் நிறம் பெரிய துண்டு, அலமாரி முகப்பு அதில் பாதி, உறைத் துணி உள்ளங்கை அளவு. எல்லாத் துண்டையும் ஒரே அளவில் வெட்டி வரிசையாக ஒட்டினால், ஹாலில் இரண்டு மெத்தை உறைக்கு மட்டும் வருகிற அரக்குச் சிவப்பு போர்டில் ஐந்தில் ஒரு பங்காகத் தெரியும். பெரியவர் "இவ்வளவு சிவப்பு வேணாம்பா" என்று போர்டையே ஒதுக்கிவிடுவார். அறுபது, முப்பது, பத்து என்று ஒரு நிற விகிதம் எல்லோரும் சொல்வார்கள். அது பழக்கத்தில் வந்த கைக்கணக்கு, விதி இல்லை. உங்கள் ஹாலின் உண்மையான பரப்பைக் கூட்டிப் பார்த்து வெட்டுவது அதைவிட நம்பகமானது.

துண்டுகளில் ஏமாற்றம் வருவது வெளிச்சத்தால். கடையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டுக்குக் கீழே பெயின்ட் ஷேடு கார்டும் லேமினேட்டும் கச்சிதமாகப் பொருந்தும். வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்குக்குக் கீழே ஒன்று பச்சை தட்டும், இன்னொன்று ரோஸ் தட்டும். இரண்டின் நிறமிகளும் வேறு என்பதால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, போர்டை அந்த ஹாலிலேயே வைத்து, காலையில் ஒருமுறை, மேற்கு வெயில் உள்ளே வரும் நாலு மணிக்கு ஒருமுறை, விளக்குப் போட்ட பின் ஒருமுறை நீங்கள் முதலில் பார்த்துக்கொள்வது. சுவர் நிறத்துக்குச் சின்னக் கார்டை நம்ப வேண்டாம். அதே நிறம் சுவர் முழுக்க வரும்போது கார்டில் தெரிந்ததைவிட அழுத்தமாகத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் கொடுத்து, சுவரில் சாய்த்துக் காட்டுங்கள்.

போர்டில் ஏறுகிற எதுவும் வாங்கக் கிடைக்க வேண்டும், வீட்டில் நிற்கவும் வேண்டும். லேமினேட் ஷேடு புத்தகம் பழையதாக இருக்கலாம். நம்பரைச் சொல்லி ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்ட பிறகே ஒட்டுங்கள். சுங்குடி பருத்தித் துணி, அந்த மேற்கு ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்கினால் வெயிலில் வெளுக்கும். அதனால்தான் இந்த எடுத்துக்காட்டில் அது மெத்தை உறையோடு நிற்கிறது. முதல் சலவையில் சாயம் போகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் கையால் சாயச் சிமென்ட் ஊற்றிச் செய்வது என்பதால் தடவைக்குத் தடவை நிறம் கொஞ்சம் மாறும். ஊஞ்சலுக்குக் கீழே 5 அடிக்கு ஏழரை அடி விரிப்பு போலப் போட, 10 அங்குலக் கல் ஆறுக்கு ஒன்பது வரிசையில் 54 வேண்டும். உடைசலுக்கும் பின்னால் மாற்றுவதற்கும் சேர்த்து 60 ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல் விட்ரிஃபைடு டைலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிப்பாக இருக்கும். டைலை மட்டும் பெயர்த்து அந்த இடத்தில் வைத்தால் தரை மட்டத்துக்கு மேலே ஏறி, வயதானவர்கள் கால் தட்டும். கீழே இருக்கும் கலவையையும் கொத்தி எடுக்க வேண்டும். அந்தக் கொத்துக்கூலியும் தூசியும் மூன்றாவது போர்டோடு சேர்ந்து வருபவை. அவற்றைச் சொல்லாமல் போர்டை மட்டும் காட்டுவது நியாயமில்லை.

பணமும் அப்படித்தான். விலையைப் பிறகு பேசலாம் என்று வைத்தால், வெனீர் அழகைத் தேர்ந்துகொண்டு லேமினேட் விலையைக் கேட்பார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. மூன்றுக்கும் பொதுவான தொகை ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு போர்டுக்கும் கூடுவது ஒன்று என்று இரண்டே எண்ணாக எழுதுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: லேமினேட்டுக்கும் பாலிஷ் அடித்த வெனீருக்கும் சதுர அடிக்கு 400 ரூபாய் வித்தியாசம் என்றால், 180 சதுர அடிக்கு 72,000 ரூபாய். முதல் போர்டின் கீழே அந்த எண் இருக்கட்டும். உள்ளே போடும் பிளைவுட் மூன்றிலும் ஒரே தரமாக இருக்க வேண்டும். ஒரு ஆப்ஷனை மலிவாகக் காட்டுவதற்காக அதில் மட்டும் பலகைத் தரத்தைக் குறைத்தால், அது வேறு கான்செப்ட் ஆகாது, வேறு சாமான் ஆகிவிடும்.

இனி எண்ணிக்கை. தேர்வுகள் கூடினால் மக்கள் குழம்பி ஒன்றுமே எடுக்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஜாம் ஆய்வை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேரும், 6 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள். ஆனால் அதே மாதிரியான ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுத் தொகுப்பில், சராசரி விளைவு கிட்டத்தட்ட சுழியம் என்று வந்தது. ஆகவே மூன்றுதான் சரியான எண் என்று அறிவியல் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதைவிட நம் வேலைக்கு உதவுவது இட்டமார் சைமன்சன் 1989இல் காட்டியது: ஒரே கோட்டில் கூடுதல், குறைவு என்று மூன்றை வைத்தால் நடுவில் இருப்பது கூடுதலாகத் தேர்வாகிறது. விலை வரிசையில் மூன்று போர்டு வைத்தால் அவர்கள் நடுப் போர்டை எடுப்பார்கள். அது பிடித்ததால் எடுத்தார்களா, பத்திரமாகத் தெரிந்ததால் எடுத்தார்களா என்று தெரியாது. அதனால்தான் மேலே சொன்ன மூன்றும் மரம், வெளிச்சம், நிறம் என்று மூன்று பக்கம் போகின்றன. கேள்வி வேண்டுமா வேண்டாமா என்ற வகை என்றால் இரண்டு போர்டே போதும். எண்ணிக்கைக்காக மூன்றாவது ஒன்றை அரைமனதாகச் செய்யாதீர்கள். அதையே அவர்கள் தேர்ந்தெடுத்தால், உங்களுக்கே பிடிக்காத வீட்டை மூன்று மாதம் நின்று கட்ட வேண்டியிருக்கும்.

கூட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். முடிவு சொல்லும் எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அப்பாவிடம் ஒருநாள், மகனிடம் வாட்ஸப்பில் ஒருநாள் என்று காட்டினால், இருவரும் தனித்தனியாக ஒவ்வொரு போர்டைப் பிடித்துக்கொள்வார்கள். சமாதானம் பேசும் வேலை உங்களுடையதாகிவிடும். வெளியூரில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் வரட்டும். ஆனால் போன் திரையில் தெரியும் நிறத்தை வைத்து அவர் முடிவு சொல்லக் கூடாது என்பதால், அதே துண்டுகளின் இன்னொரு தொகுப்பை முன்னமே கூரியரில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் பார்க்கும் வழக்கப்படி ராகு காலம் தவிர்த்து நேரம் வையுங்கள். தை மாதம் கிரகப்பிரவேசம் என்றால், மார்கழியில் முடிவு செய்யத் தயங்கும் குடும்பங்கள் உண்டு என்பதையும் கணக்கில் கொண்டு, கார்த்திகைக்கு முன்பே இதை முடிக்கப் பாருங்கள்.

முதலில் பிளான், அடுத்து மாறாதவற்றின் தாள், பிறகு போர்டுகள் ஒவ்வொன்றாக. ஒன்றைக் காட்டிப் பேசி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மூன்றும் முடிந்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. உங்களுக்குப் பிடித்ததை முதலில் காட்டுவதா கடைசியில் காட்டுவதா என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படி வைத்தாலும், அவர்கள் பேசி முடிக்கும் வரை உங்கள் சிபாரிசைச் சொல்லாதீர்கள். கேட்டால் ஒளிக்காமல், காரணத்தோடு சொல்லுங்கள். "எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டால் சாமான் பட்டியல்தான் வரும். "சாயங்காலம் ஊஞ்சல்ல உக்காந்திருக்கும்போது எதிர்ல எது தெரியணும்மா?", "இதுல எது இருந்தா உங்களால தினமும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் உண்மையானது.

இவ்வளவும் செய்தாலும் கலந்து கேட்பது முழுக்க நிற்காது. அதற்கு, போர்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனியே எடுக்கக் கூடியது, ஒட்டிக்கொண்டது என்று முன்னமே பிரித்து வைத்திருக்க வேண்டும். சுங்குடி உறை தனியே எடுக்கக் கூடியது, எந்தப் போர்டுக்கும் போகும். "மூணாவதுல இருக்க ஆத்தங்குடிய மொதப் போர்டுல போட்டுத் தர முடியாதா தம்பி?" என்றால், "போடலாம்ங்கய்யா, கல்லுக்கும் கொத்துறதுக்கும் ஆகுற செலவு மட்டும் கூடும்" என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் இரண்டாவது போர்டின் சீலிங்கை முதல் போர்டுக்குக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஒளிந்த வெளிச்சம் வெள்ளைச் சீலிங்கிலும் வெளிர் பரப்புகளிலும் பட்டுத் திரும்பித்தான் ஹாலை நிரப்புகிறது. தேக்கு முகப்புகள் அதை உறிஞ்சிக்கொள்ளும், ஹால் மங்கும். சரிக்கட்ட டவுன்லைட் கூட்டினால், ஃபேன் இறக்கைக்கு மேலே வரும் விளக்கு ஒவ்வொன்றும் தரையில் விட்டு விட்டு ஆடும் நிழலைப் போடும். ஊஞ்சல் சங்கிலி கான்கிரீட் தளத்திலிருந்து இறங்குவதால், அந்த இடத்தில் ஜிப்சம் பலகையைத் திறந்து விட்டாக வேண்டும். இரண்டாவது போர்டில் சீலிங்கின் வடிவமே அந்தத் திறப்பை வைத்து வரைந்தது. முதல் போர்டில் அதற்குத் தயாரிப்பு கிடையாது. இந்தக் காரணத்தை விரலால் காட்டி விளக்கினால், அவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். "நல்லா இருக்காது சார்" என்று மட்டும் சொன்னால் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை.

"இன்னும் ரெண்டு காட்டுங்க" என்பது பெரும்பாலும் புது போர்டு கேட்பதாக இருக்காது. விலை உறுத்தியிருக்கும், கூட்டத்தில் இல்லாத ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கும், அல்லது சொல்லத் தயங்கும் ஒரு கவலை இருக்கும்: வெள்ளைச் சோபாவை யார் துடைப்பது, சீலிங் பள்ளத்தில் ஒட்டடை அடிப்பது எப்படி. எது குறைகிறது என்று கேட்டு அது வெளியே வரும் வரை புதிதாக எதுவும் வரைய ஒப்புக்கொள்ளாதீர்கள். வந்த பிறகு, இருக்கும் மூன்றில் ஒன்றைத் திருத்தினாலே தீர்கிறதா என்று பாருங்கள். வேலை எடுக்கும்போதே கட்டணத் தாளில் மூன்று போர்டு, தேர்ந்ததில் இரண்டு திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதியிருந்தால், இந்தப் பேச்சு மனக்கசப்பு இல்லாமல் நடக்கும்.

முடிவானதும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். தேர்ந்த போர்டு எது, அதற்குள் வேறு போர்டிலிருந்து வந்தது எது, ஒவ்வொரு லேமினேட்டின் நம்பர், பெயின்ட் குறியீடு, விளக்கின் கெல்வின், கூடிய தொகை. துண்டுகளின் பின்பக்கம் தேதி போட்டு அவர்கள் கையெழுத்தை வாங்கி, ஒரு தொகுப்பு அவர்களிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். ஷீட் வந்து இறங்கும்போது ஆசாரி ஒட்டத் தொடங்கும் முன் அந்தத் துண்டை வைத்துப் பாருங்கள். வெனீர் மரத்திலிருந்து சீவியது என்பதால் துண்டில் இருந்த ரேகை ஷீட்டில் அப்படியே வராது. அதனால் வெனீருக்கு மட்டும் வாடிக்கையாளரையே டிப்போவுக்கு அழைத்துப் போய், முழு ஷீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.

இந்த முறை ஹால், படுக்கையறை போன்ற இடங்களுக்குப் பொருந்தும். சமையலறைக்கு இப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே ஆப்ஷன் என்பது அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் இருக்கும் இடமும், கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் பிளக் வரும் இடமும்தான். அதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரையில் வரைந்து, சமைப்பவரை அதில் நடக்கச் சொல்லி முடிவு செய்யுங்கள். கதவு நிறத்துக்கு இரண்டு லேமினேட் துண்டு கையில் கொடுத்தால் போதும்.